கதவருகே ஒரு சீனக் கண்



வாசலில் மாட்டும் கேமராவோ, அழைப்புமணியோடு சேர்ந்த கேமராவோ வாங்கிப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. கையேடு சீனத்தில், கேமரா பேசுவது சீனம், போனில் இறக்கிய செயலியிலும் எங்கு தொட்டாலும் சீனம். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் வாங்கி வந்ததாக இருக்கலாம், இணையத்தில் விலை குறைவாகக் கிடைத்ததாக இருக்கலாம். அது சீனச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட பதிப்பு. இந்த நிலையில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: யாரையாவது பிடித்தோ, மொழிபெயர்ப்புச் செயலியை வைத்தோ அந்த எழுத்துகளைப் படித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் எந்தக் கேமராவுக்கும் உள்ளதுதான். நான் இங்கே சொல்ல வருவது அதற்கு மாறானது. ஒரு செயலி ஒரே மொழியில் இருக்கிறதென்றால் அந்த மொழி வெறும் எழுத்துத் தடை அல்ல. அந்தக் கேமராவின் கடிகாரம் எந்த ஊரைப் பார்த்து ஓடுகிறது, அதன் செய்திகள் எந்த வழியாக வருகின்றன, அதன் உரிமை எந்த ஊர்ச் சேவையகத்தில் பதிவாகிறது என்பதையெல்லாம் சொல்லும் முகவரிச் சீட்டு அது. எழுத்தைப் படிப்பதால் முகவரி மாறிவிடாது.

முதலில் ஒரு எளிய சோதனையைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் சில நேரம் மொழிப் பூட்டே இருக்காது. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழி தேர்ந்தெடுக்கும் வசதி போனின் அமைப்புகளிலேயே உண்டு. ஐபோனில் அது 2019 முதலே இருக்கிறது. அங்கே அந்தச் செயலியின் பெயரைத் தொட்டு, ஆங்கிலம் பட்டியலில் வருகிறதா என்று பார்த்தால் சிலருக்கு வேலை முடிந்துவிடலாம். முடியாவிட்டால் அடுத்ததைக் கவனிக்க வேண்டும். சியோமியின் மி ஹோம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செயலியின் முகப்பு ஆங்கிலத்தில் அழகாக வரும். ஆனால் ஒவ்வொரு கேமராவுக்கும் உள்ளே தனியாக ஒரு பக்கம் இறங்குகிறது; சீனச் சந்தைக்கான கேமராவென்றால் அந்த உள்பக்கம் சீனத்தில் மட்டுமே இருக்கக்கூடும். முகப்பை நம்பி வாங்கியவர் உள்ளே போய்த்தான் மாட்டிக்கொள்கிறார். அந்தக் கேமராவைச் சேர்க்க முதலில் செயலியில் 地区, அதாவது வட்டாரம், என்ற இடத்தில் 中国大陆 என்பதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சீனப் பெருநிலம் என்று அதற்குப் பொருள். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் பல மாதிரிகள் பட்டியலிலேயே தென்படாது. பெட்டியிலோ திரையிலோ 仅限中国大陆 என்ற எழுத்துகள் இருந்தால் ‘சீனப் பெருநிலத்துக்கு மட்டும்’ என்று பொருள். கடையில் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இணைக்கும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். திரையில் அப்போது இரண்டு குரல்கள் பேசுகின்றன. இதைப் பிரித்தறிந்தால் பயம் பாதி குறையும். இருப்பிடத்தை அறிய அனுமதி, ஒலிவாங்கிக்கு அனுமதி என்று எழும் சிறு பெட்டிகள் செயலியுடையவை அல்ல, போனுடையவை. அதனால் உங்கள் போன் தமிழில் இருந்தால் அவை தமிழிலேயே வரும். இருப்பிட அனுமதி கேட்பதில் காரணமும் உண்டு: அக்கம்பக்கத்து வைஃபையின் பெயரை ஒரு செயலி பார்ப்பதற்கே ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கேட்கிறது. இணைப்பு முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்துவிடலாம். தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடலாம், கேமராவுக்கு அது வேண்டாம். செயலி தன் சொந்தக் குரலில் கேட்பது வைஃபை பெயரும் கடவுச்சொல்லும்தான். 密码 என்றால் கடவுச்சொல். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். பிறகு போன் திரையில் ஒரு கியூஆர் கட்டம் தோன்றும். அதைக் கேமராவின் கண்ணெதிரே ஒரு சாண் தூரத்தில் ஆடாமல் பிடிக்க வேண்டும். கட்டத்தைக் கேமரா படித்ததும் சீனத்தில் ஏதோ சொல்லும், விளக்கின் நிறமோ சிமிட்டலோ மாறும். விளக்கு மாறவில்லையென்றால் கேமரா கட்டத்தையே படிக்கவில்லை. போன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கலாம். விளக்கு மாறியும் இணைப்பு ஏறவில்லையென்றால் கடவுச்சொல்லிலோ அலைவரிசையிலோதான் தவறு.

அந்தக் கியூஆர் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, யாராவது படித்துச் சொல்லுங்கள்’ என்று திரையைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவது இன்று இயல்பாகிவிட்டது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது உங்கள் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லுமேதான். கேமராவுக்கு அதைத் தெரியப்படுத்தவே கட்டம் உருவாகிறது. எழுத்து புரியாதவர் கேட்கும் உதவியிலேயே வீட்டுச் சாவி வெளியே போய்விடுகிறது. பக்கத்தைப் படமெடுக்க வேண்டியிருந்தால் கட்டம் இல்லாத பக்கத்தை எடுக்க வேண்டும்.

இனி முதல் மறுப்புக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பு வசதி எல்லாப் போனிலும் இருக்கிறதே, இன்னொரு போனின் கேமராவைத் திரைமேல் காட்டினால் தமிழே வருகிறதே என்பார்கள். வருகிறது. பெரும்பாலான பொத்தான்களுக்கு அது போதவும் போதும். ஆனால் தவறான இடத்தில் தவறினால் மீட்க முடியாத சொற்கள் சில உள்ளன. 格式化 என்பது மெமரி கார்டை முழுக்க அழித்துப் புதிதாக்கும் பொத்தான். அதை ‘வடிவமைப்பு’ என்று ஒரு மொழிபெயர்ப்பு காட்டினால், கார்டு அமைப்பைப் பார்ப்பதற்காக ஒருவர் அழுத்துவார், பதிவுகள் அத்தனையும் போய்விடும். 解绑 என்றால் கேமராவைக் கணக்கிலிருந்து அவிழ்த்துவிடுவது. ‘அவிழ்’ என்று ஒற்றைச் சொல்லாக வந்தால் யாருக்கு என்ன புரியும்? மாறாக, அசைவைக் கண்டால் செய்தி அனுப்பும் வசதிக்குச் சில செயலிகளில் 看家 என்று பெயர். சொல்லுக்குச் சொல் ‘வீட்டைப் பார்’. நேரலையாக வீட்டைப் பார்க்கும் பொத்தான் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். வேடிக்கை என்னவென்றால் தமிழிலும் ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது ‘வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்றுதான். சீனச் சொல்லுக்கு நம்மிடம் அச்சொட்டான ஈடு இருந்தும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பில் அந்தக் ‘கொள்’ காணாமல் போகிறது. ஆகவே முழுச் செயலியையும் மொழிபெயர்க்க முயல்வதைவிட, அழிக்கும் சொல், அவிழ்க்கும் சொல், சம்மதிக்கும் சொல் என்று இரண்டு மூன்றை அவற்றின் உருவத்தோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது மேல். 同意 என்பது சம்மதம். முன்னால் ஒரு 不 இருந்தால் சம்மதமில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தொட முடியாத ஒன்று இருக்கிறது, அது நேரம். சீனச் சேவையகத்தில் சேர்ந்த கேமரா சீன நேரத்தையே பிடித்துக்கொள்வது வழக்கம். அதை மாற்ற அதில் இடமே இல்லாமலும் இருக்கலாம். சீனா முழுவதற்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால். இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி முன்னால். இடைவெளி இரண்டரை மணி நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் சீனாவோடு ஒரே நேரத்தில் இருப்பதால் அங்கே உள்ள தமிழர் இதை உணரவே மாட்டார். அங்கே சரியாக ஓடிய அதே கேமரா தஞ்சாவூருக்கு வந்ததும் பொய்யுரைக்கத் தொடங்கும். 2025 ஆகஸ்ட் 14 இரவு 10 மணிக்கு வாசலில் நின்ற வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவின் மூலையில் ஆகஸ்ட் 15, 00:30 என்று இருக்கும். மணி மட்டும் மாறவில்லை, தேதியே மாறிவிட்டது. 14ஆம் தேதிப் பதிவைத் தேடுகிறவர் அந்த இரவு ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைப்பார். காவல் நிலையத்தில் அந்தப் படத்தைக் கொடுத்தால், புகாரில் ஒரு தேதியும் படத்தில் வேறொரு தேதியும் இருக்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு, அதற்கு எந்த மொழியும் வேண்டாம். மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட வேண்டும். சியோமியின் கேமராக்கள் பலவற்றில் MIJIA_RECORD_VIDEO என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் மணிக்கொரு கோப்புறை, அதற்குள் நிமிடத்துக்கொரு படக்கோப்பு. மேலே சொன்ன இரவின் கோப்பு இப்படி இருக்கும்:

```
MIJIA_RECORD_VIDEO/2025081500/30M00S_1755189000.mp4
```

கோப்புறையின் பெயர் ஆகஸ்ட் 15, மணி 00 என்கிறது. கோப்பின் தொடக்கம் 30ஆம் நிமிடம் என்கிறது. இரண்டும் சீன நேரம். கடைசியில் உள்ள பத்து இலக்க எண்தான் நமக்கு வேண்டியது. 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து ஓடிய வினாடிகள் அவை. எந்த நாட்டின் கடிகாரமும் அந்த எண்ணைத் தொடுவதில்லை. 1755189000 என்பதை நாளாக மாற்றினால் 2025 ஆகஸ்ட் 14, கிரீன்விச்சில் 16:30. ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் ஊரில் இரவு 10:00. யாரிடமும் படத்தைக் கொடுப்பதற்கு முன் கோப்பின் பெயரை மாற்றாமல் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அழகாக ‘வண்டித் திருட்டு’ என்று பெயர் மாற்றி அனுப்புகிறவர் நேரத்துக்கான நல்ல சான்று ஒன்றைத் தானே அழித்துவிடுகிறார். எல்லாக் கேமராவும் இப்படிச் சாதாரணப் படக்கோப்பாக எழுதுவதில்லை. சில தம் செயலிக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் எழுதுகின்றன. முதல் வாரத்திலேயே கார்டைக் கழற்றி ஒருமுறை பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அழைப்புமணியில் நிலைமை இன்னும் இறுக்கமானது, ஏனென்றால் கேமரா பிறகு பார்ப்பதற்கு, மணி அப்போதே கேட்பதற்கு. ஒருவர் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி வீட்டு ரூட்டர் வழியாகச் சீனச் சேவையகத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் போனுக்குத் திரும்ப வேண்டும். தூரம் பெரிய பிரச்சினை அல்ல. வரும் வழிதான் பிரச்சினை. நம் ஆண்ட்ராய்டு போன்களில் உறங்கும் செயலியைத் தட்டியெழுப்பிச் செய்தி கொடுக்கும் வேலையைக் கூகுளின் சேவை செய்கிறது. சீனப் பெருநிலத்தில் விற்கும் போன்களில் அந்தச் சேவையை நம்ப முடியாது. அதனால் சீனச் சந்தைக்கான செயலிகள் அங்குள்ள போன் நிறுவனங்களின் தனித்தனி வழிகளை நம்பியோ, தாமே பின்னணியில் விழித்திருந்தோ செய்தி தருகின்றன. அந்தச் செயலியை நம்மூர்ப் போனில் போட்டால் முதல் வழி கிடைக்காமல் போகலாம். இரண்டாவதைப் பேட்டரியைச் சேமிக்கும் வசதி சிறிது நேரத்தில் உறங்க வைத்துவிடும். மாட்டிய அன்று போன் கையில் இருக்கும், செயலி திறந்திருக்கும், மணி அழகாக ஒலிக்கும். அடுத்த நாள் தபால்காரர் அழுத்திவிட்டுப் போய் வெகுநேரம் கழித்துச் செய்தி வரும். ஆகவே சோதனையை மாட்டிய உடனே செய்து பயனில்லை. போனின் வைஃபையை அணைத்து, போனைப் பூட்டி, ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு யாரையாவது அழுத்தச் சொல்ல வேண்டும். பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாட்டை நீக்கியும் மணி தாமதமாகவே வந்தால், அந்தக் கருவியை மணியாக நம்ப முடியாது. சில மாதிரிகளோடு வீட்டுக்குள் செருகும் சிறு ஒலிப்பெட்டி ஒன்று வரும். வெளிப் பொத்தானோடு அது நேரடியாக அலைவழியே பேசுவதாக இருந்தால் சீனமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ரூட்டரை அணைத்துவிட்டு அழுத்தினால் அது எந்த வகை என்று தெரியும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. இவ்வளவு யோசிப்பானேன், கேமரா மாட்ட வரும் தம்பியே எல்லாம் செய்து கொடுத்துவிடுவாரே, அல்லது சீனம் தெரிந்த உறவினர் அங்கிருந்தே பதிவு செய்து நமக்குப் பகிர்ந்துவிடுவாரே என்பார்கள். இந்த வழியைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுகிறேன். கேமராவை எந்தக் கணக்கு முதலில் இணைக்கிறதோ அந்தக் கணக்கே உரிமையாளர். மற்ற எல்லோரும் அவர் தயவில் பார்க்கும் விருந்தாளிகள். திரையில் படம் இருவருக்கும் ஒரேபோல் தெரிவதால் வித்தியாசம் புலப்படாது. மாட்டியவர் தன் போனில் தன் எண்ணைப் போட்டு இணைத்து உங்களுக்குப் பகிர்ந்திருந்தால், உங்கள் வாசல் அவருக்கு எப்போதும் திறந்திருக்கிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதுகூட இல்லை. அவர் எண்ணை மாற்றினாலோ போனைத் தொலைத்தாலோ போதும். கேமராவின் ஊசித்துளைப் பொத்தானை அழுத்தி மீட்டமைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பல நிறுவனங்களின் கேமராக்களில் அந்தப் பொத்தான் கேமராவின் நினைவை மட்டும் அழிக்கிறது. சேவையகத்தில் உரிமையாளர் பெயர் அப்படியே இருக்கும். புதிய கணக்கில் சேர்க்கப் போனால் வேறொருவருடன் பிணைக்கப்பட்டுள்ளது என்று மறுத்துவிடும். உரிமையாளரே தன் செயலியில் நீக்கினால்தான் விடுதலை. உதவிக்கு வருபவர் உதவட்டும். போன் உங்களுடையதாக, எண் உங்களுடையதாக, 验证码 என்ற இடத்தில் இடும் குறியீடு உங்களுக்கு வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மென்பொருளையே ஆங்கிலமாக்கி விற்கும் கடைகள் உண்டே என்பது மூன்றாவது மறுப்பு. உண்டு. சீனச் சந்தைக்கான ஹிக்விஷன் கேமராக்களில் மென்பொருளைத் திருத்தி ஆங்கிலத்தில் காட்டி வெளிநாடுகளில் விற்றது பலரும் அறிந்த கதை. பதிவுப் பெட்டியோடு சேர்க்கும்போது மொழி பொருந்தவில்லை என்ற பிழை அவற்றில் வந்தது. அதிகாரபூர்வ மேம்படுத்தலைப் போட்டால் பட்டியல் சீனத்துக்கே திரும்பியது, அல்லது கேமரா செயலிழந்தது. பாதுகாப்புக் கேமராவுக்கு மேம்படுத்தல் போட முடியாது என்றால் பூட்டுக்கு எண்ணெய் விட முடியாது என்பதுபோல.

அப்படியானால் என்ன செய்வது? செயலியைப் புரிந்துகொள்ளப் பாடுபடுவதைவிட, செயலி தேவைப்படாத கேமராவா என்று பார்ப்பதே என் வாதத்தின் முடிவு. ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கேமராவும் பதிவுப் பெட்டியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது மொழி என்று அதைச் சொல்லலாம். கேமராவின் விவரப் பட்டியலில், அது எந்த மொழியில் இருந்தாலும், ONVIF அல்லது RTSP என்பது லத்தீன் எழுத்திலேயே எழுதப்படும். அது இருந்தால், சீனச் செயலியை ஒரே ஒருமுறை வைஃபையில் சேர்க்க மட்டும் பயன்படுத்திவிட்டு, பிறகு வீட்டிலுள்ள கணினியிலோ பதிவுப் பெட்டியிலோ பார்க்கலாம். கணினியில் விஎல்சி இருந்தால் அதன் Open Network Stream என்ற இடத்தில் முகவரியை இட்டுச் சோதிக்கலாம். ஹிக்விஷன் வகையில் அது இப்படி அமையும்:

```
rtsp://admin:PASSWORD@192.168.1.64:554/Streaming/Channels/101
```

நடுவில் உள்ள எண் வீட்டு வலையில் அந்தக் கேமராவின் முகவரி, 554 என்பது அதன் வாயில், கடைசிப் பகுதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். படம் வந்துவிட்டால் நேரத்தைப் பதிவுப் பெட்டியின் கடிகாரத்தைக் கொண்டே வைத்துக்கொள்ளலாம், மொழியும் பெட்டியின் மொழிதான். இந்த வழியில் ஓர் எச்சரிக்கை. வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக அந்த வாயிலை ரூட்டரில் வெளியே திறந்துவிடக் கூடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அது பயன்படுத்தியது ஆலையிலேயே வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளைத்தான். கடவுச்சொல்லை மாற்றும் பக்கம் புரியாத மொழியில் இருந்தால் மாற்றாமல் விட்டுவிடுவோம் என்பது மனித இயல்பு. ஆகவே தவறாமல் படித்துச் செய்ய வேண்டிய பக்கம் அதுதான்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. பேட்டரியில் ஓடும் அழைப்புமணிகள் மின்சாரத்தைச் சேமிக்கப் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். யாராவது அழுத்தினால்தான் விழிக்கும். அவற்றிடம் ஆன்விஃப் எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கு என்று விற்கும் மலிவான கேமராக்கள் பலவற்றிலும் அது இல்லை. விலை பாதிதானே என்று சொல்பவருக்கு என் பதில், எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாடியில் காயும் வற்றலைக் காக்கை தொடுகிறதா என்று பார்க்க அந்தப் பாதி விலை லாபமே. தேதி மாறினாலும் யாருக்கும் நட்டமில்லை. தனியாக இருக்கும் வயதான அம்மா கதவைத் திறப்பதற்கு முன் யார் என்று பார்க்க வேண்டும் என்பதற்காக என்றால், ஒரு மணி நேரம் பூட்டிவைத்த போனில் மணி உடனே வராத கருவி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கவோ வேறு யாருக்காவது கொடுக்கவோ முடிவு செய்தால் வரிசை முக்கியம். முதலில் மெமரி கார்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். கேமரா வைஃபையில் இருக்கும்போதே செயலியில் 删除设备 என்பதை அழுத்தி அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அதற்குப் பிறகே ஊசித்துளைப் பொத்தான். மாறிச் செய்தால் வாங்குகிறவர் தன் கணக்கில் சேர்க்க முடியாமல் உங்களைத் தேடி வருவார், அப்போது உங்கள் போனில் அந்தச் செயலியே இருக்காது.